லேபிள் ஒட்டும் இடம்

ஆதிமூலம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் படுக்கவைத்தார். அது இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் சாய்ந்து ஆடிவிட்டு நின்றது.

“பாத்தியாம்மா? ஆடுது.”

மலர்கொடி பார்த்தாள். அது ஆடும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அவள்தான் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, மூலையில் கிடக்கும் த்ரீடி பிரிண்டரில் மாதிரியாக எடுத்துக் கொடுத்திருந்தாள். வட்டமான உடம்பு, முன்னும் பின்னும் லேபிள் ஒட்டப் பக்கத்துக்கொரு பட்டை இடம், மேலே மூடி திருகும் கழுத்து. அரைக்கிலோ தூள் உப்புக்கான பாட்டில்.

“இன்னும் இருக்குது, இரு” என்று சொல்லி ஆதிமூலம் அவளுடைய தண்ணீர் பாட்டிலை உரிமையாக எடுத்தார். அதன் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, படுத்திருந்த மாதிரியின் பட்டை இடத்தில் நடுவாகக் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு நொடி தயங்கியது. பிறகு இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரமும் வழிந்து மேசையில் இறங்கியது. மலர்கொடி கீபோர்டைத் தூக்கிக்கொண்டாள்.

“நடுவுல மேடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எங்க பாத்தில இப்பிடி மேடு வுட்டான்னா அன்னைக்கே ஆள மாத்திடுவேன்.”

உப்பளத்துக்காரர்கள் எதையும் கண்ணால் மட்டம் பார்ப்பதில்லை. தண்ணீரை விட்டுப் பார்ப்பார்கள். நின்றால் மட்டம், ஓடினால் மேடு. ஆதிமூலம் நாற்பது வருடமாக மரக்காணத்தில் உப்பு எடுக்கிறவர். இதுவரை மூட்டையில் போட்டு லாரியில் ஏற்றிவிட்டு மறந்துபோன உப்பை, இந்த வருடம்தான் தன் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கப்போகிறார்.

“அது தெரிஞ்சே வெச்ச மேடுங்கய்யா” என்றாள் மலர்கொடி. இதே வாக்கியத்தை ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். “பிளாஸ்டிக் சூடா வெளிய வருது. ஆறும்போது சுருங்குது. பெரிய தட்டையான எடம் இருந்தா நடுவுல உள்வாங்கிடும். அதனால மொதல்லயே லேசா வெளிய தள்ளி வெக்கணும். ஆறினதும் சரியாயிடும்.”

“ஆறினதும் சரியாயிடும்” என்று ஆதிமூலம் திருப்பிச் சொன்னார். “எம் மருமவனப் பத்திக் கூட கல்யாணத்துக்கு முன்னாடி அப்பிடித்தான் சொன்னாங்க.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் இருந்த ஹபீப் முஹம்மது அதைக் கேட்டுச் சிரித்தார். கடை அவருடையது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை. பின்பக்கம் பாட்டில் ஊதிப் பார்க்க ஒரு பழைய மெஷின், முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் மலர்கொடியின் மேசை. பாட்டிலை வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதைப் பார்த்து அலுமினியக் கட்டியில் அச்சை வெட்டிக் கொடுப்பது சேதராப்பட்டில் ஒரு பட்டறை. அச்சு வந்ததும் இங்கே ஊதிப் பார்த்து வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே சாலை, சாலைக்கு அப்பால் உப்பளம். காற்று அந்தப் பக்கமிருந்து வரும் நாட்களில் மானிட்டரைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும்.

ஹபீப் பாய் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஈரமான மேசையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மலர்கொடியைப் பார்த்தார்.

“மட்டமா கேக்குறாரு. மட்டமா குடுத்துடு மலரு.”

“பாய், அது உள்வாங்கும்.”

“சுருக்கத்துக்குத்தான் ரெண்டு பர்சன்ட் சேத்து வெட்டுறோமே.”

“அது மொத்த பாட்டிலும் சமமா சின்னதாவறதுக்கு. இது நடுவு மட்டும் குழியறது. வேற வேற.”

அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய முகத்திலேயே அது தெரிந்தது. ஆதிமூலத்துக்குக் கேட்காத தாழ்ந்த குரலில் அவர் சொன்னார்: “இப்ப மட்டமா குடு. குழிஞ்சா அவரே திரும்பி வருவாரு. அப்ப அச்சுல நடுவ கொஞ்சம் செதுக்கி எடுத்துக்கலாம். அச்சுல எடுக்கத்தான் முடியும், ஒட்ட வெக்க முடியாது. இது எடுக்குற பக்கம்தானே? அப்புறம் என்ன?”

சரிதான். அச்சில் பள்ளம் என்பது பாட்டிலில் மேடு. மட்டமாக வெட்டிய அச்சைப் பிறகு நடுவில் ஆழமாக்கலாம். ஆழமாக வெட்டிவிட்டால் மட்டமாக்க முடியாது, கட்டியையே தூக்கிப் போட வேண்டியதுதான். தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

ஆனால் மலர்கொடியின் காதில் ஒட்டியது வேறு ஒரு சொல். திரும்பி வருவாரு.

போன மாதம் ஊறுகாய் பாட்டில் ஒன்று திரும்பி வந்தது. அச்சு வெட்டி முடித்த பிறகு வாடிக்கையாளர் மூடி வாங்கும் கடையை மாற்றிவிட்டார். புது மூடியின் திருகு மரைக்கு இடைவெளி வேறு. அரைச்சுற்றிலேயே இறுகி நின்றது. அது யாருடைய பிழை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் ஹபீப் பாய் கணக்கை முடித்துவிட்டுக் கண்ணாடிக் கதவருகே வந்து நின்று சொன்னார்: “இன்னொரு பாட்டில் திரும்பி வந்தா டிசைன கோயம்புத்தூருக்கே குடுத்துடலாம்னு பாக்குறேன் மலரு. உம் மேல கோவம் இல்ல. எனக்கு முடியல.”

கோபமில்லாமல் சொல்லப்பட்டதால்தான் அது அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கோபத்தில் சொல்வதை மறுநாள் மறக்கலாம். இந்த மேசை போய்விட்டால் மறுபடி ஒரகடத்து ஃபேக்டரிதான். ஏழு பேர் படுக்கும் அறை, ஷிப்ட் பஸ், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் வரிசை. முப்பத்தாறு வயதில் அந்த இரும்புக் கட்டிலை மறுபடி நினைத்துப் பார்க்கவே அவளுக்கு அசதியாக இருந்தது. பிரம்மதேசத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, மாலையில் அதே பஸ்ஸில் திரும்பிப் போய் தன் வீட்டில் தூங்குவது என்பதைத் தவிர அவள் வாழ்க்கையிடம் இப்போதைக்குப் பெரிதாக எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“இந்தத் திரும்பி வர்றது கணக்குல வராதுல்ல பாய்?” என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவர் வராது என்றுதான் சொல்வார். சொன்னதை அன்று சாயங்காலம் மறந்தும்விடுவார்.

“அப்பிடியே லேபிள் எடத்த அகலமாவும் ஆக்கிடும்மா” என்றார் ஆதிமூலம், நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு. “பேரு பெருசா வரணும். ஒரு வெரக்கட கூட்டு.”

“ஒரு வெரக்கடைன்னா எவ்வளவுங்கய்யா?”

அவர் ஆள்காட்டி விரலை ஸ்கிரீன்மேல் வைத்தார். “இவ்ளோ.”

“ஸ்கிரீன்ல பெருசு பண்ணிக் காட்டுறதுங்கய்யா அது. நெஜத்துல அவ்ளோ இல்ல.”

“அப்ப நெஜத்துல எவ்ளோவோ அவ்ளோ.”

பத்து மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டாள்.

பாட்டில் வரைவதில் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடுவில் செங்குத்தாக ஒரு அச்சுக்கோடு. அதற்கு வலது பக்கம் மட்டும் பாட்டிலின் பாதி நிழல்: அடி, உடம்பு, தோள், கழுத்து. அந்தப் பாதியை அச்சுக்கோட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டால் கெட்டியான ஒரு பாட்டில் எழுந்து நிற்கும். அதுதான் ரிவால்வ். குயவன் சக்கரம் மாதிரி என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஒப்பாது. சக்கரத்தில் கை இருக்கிறது. இங்கே ஒரு கோடு தனியாக ஒருமுறை சுற்றிவருகிறது, அவ்வளவுதான். பிறகு லேபிளுக்கு முன்னும் பின்னும் சீவி எடுப்பது, விளிம்புகளை மழுக்குவது, ஷெல் போட்டு உள்ளே குடைவது, கடைசியில் கழுத்தைச் சுற்றி மரை.

அன்று காலையிலிருந்து தலை கனத்திருந்தது. பழைய சீவலைத் திறந்து அகலத்தை மாற்றுவதற்குப் பதில், எல்லாம் முடிந்த பாட்டிலின் மேலேயே புதிதாக ஒரு சீவலைப் போட்டாள்.

“ஐயோ, ஓட்ட!” என்று ஆதிமூலம் எழுந்துவிட்டார்.

பாட்டிலின் வயிற்றில் நீளவாக்கில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே உள்சுவர் தெரிந்தது. உள்ளே குடைந்த பிறகு சுவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான் மிஞ்சும். அதற்குப் பிறகு நான்கு மில்லி ஆழம் சீவினால் ஓட்டைதான் விழும்.

“ஒண்ணும் இல்லங்கய்யா. வரிச மாறிடுச்சு.”

“உப்பெல்லாம் கொட்டிடும்மா.”

“கொட்டாது. உக்காருங்க.”

அதை அழித்தாள். பக்கவாட்டில் அடுக்கியிருந்த பட்டியலில் ஷெல்லுக்கு முன்னால் போய் நின்றாள். பாட்டில் மறுபடி கெட்டியானது, மரையில்லாமல் மொட்டைக் கழுத்தோடு நின்றது. அங்கே பழைய சீவலின் அகலத்தைக் கூட்டினாள். வட்ட உடம்பில் பட்டை இடத்தை அகலமாக்க வேண்டுமென்றால் ஆழமாகச் சீவ வேண்டும், வேறு வழி கிடையாது. ஷெல்லைத் திரும்பக் கொண்டுவந்தபோது சிவப்பில் எச்சரிக்கை விழுந்தது. புது விளிம்பின் மழுக்கல் சுவரின் கனத்தைவிடச் சிறியதாக இருந்தது. அதைப் பெரிதாக்கினாள், ஷெல் ஏறிக்கொண்டது. உள்ளளவு எடுத்துப் பார்த்தாள். முப்பது மில்லிலிட்டருக்கு மேல் குறைந்திருந்தது.

“அகலமாக்குனதால உள்ள எடம் கொறஞ்சிடுச்சுங்கய்யா. அரைக்கிலோ கொள்ளாது. ஒசரத்த கூட்டணும்.”

“கூட்டு. ஒசரமா இருந்தா கடையில எடுப்பாத்தான் தெரியும்.”

பாதி நிழலுக்குப் போய் உயரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். தோளும் கழுத்தும் ஒன்றாக மேலே நகர்ந்தன. கழுத்தின் மரையும் கூடவே ஏறி உட்கார்ந்தது. சௌகார்பேட்டையில் மூடி விற்கும் சேட்டு அனுப்பியிருந்த தூவு மூடியை வெர்னியரில் அளந்து போட்ட மரை அது. ஷெல்லுக்குப் பிறகு வெளியே தனியாகச் சுற்றிவிட்ட புரி, கழுத்தின் உள்பக்கம் வழவழவென்றுதான் இருக்கும். அதை அவள் தொடவில்லை. ஊறுகாய் பாட்டிலுக்குப் பிறகு கழுத்தைத் தொடவே அவளுக்குப் பயம்.

“இப்ப அந்த மேட்ட எடு.”

சீவலின் கோட்டைத் திறந்தாள். மேலிருந்து பார்த்தால் அது நேர்கோடுபோலத்தான் தெரியும். உண்மையில் மிகப் பெரிய ஒரு வட்டத்தின் சிறு துண்டு. ஒரு பக்கமாக மட்டும் வளைந்தது. லேபிள் காகிதம் ஒரு பக்கமாக வளையும், இரண்டு பக்கமும் சேர்த்து வளைத்தால் சுருக்கம் விழும். அதையெல்லாம் யோசித்துத்தான் போன வாரம் முழுக்க அந்த வளைவை அவள் தீர்மானித்திருந்தாள். அதை அழித்து நேர்கோடு போட்டாள்.

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்து எழுந்து, அலமாரியிலிருந்து பழைய பினாயில் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் வருவதற்கு முன்பே யாரோ மட்டமாக வரைந்து வெட்டிய அச்சில் ஊதியது.

“ஐயா, இத பாருங்க. மட்டமா வெட்டுன அச்சுல வந்தது. இதுல தண்ணி ஊத்திப் பாருங்க.”

ஆதிமூலம் அதைப் படுக்கவைத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார். தண்ணீர் நடுவில் ஒரு சின்னக் குளம்போல் கூடி அசையாமல் நின்றது. அந்தக் குளத்தில் கூரையின் டியூப்லைட் தெரிந்தது. மலர்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. “அட! தண்ணி நிக்குதே! இதாம்மா நான் கேக்கறது! இத மாரி செய்யின்னு முன்னாடியே காட்டியிருந்தா இவ்ளோ பேச்சே இல்லையே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹபீப் பாய்தான் திரும்பி நின்று தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். பாத்தியில் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் உப்பு. ஒரு ஆயுள் முழுக்க அதைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்தக் குளம் குறையாகத் தெரியாது.

“இதுல லேபிள் ஒட்டுனா நடுவுல காத்து நிக்கும்ங்கய்யா. உப்பிக்கிட்டு சுருக்கம் விழும்.”

“அத ஒட்டுறவன் பாத்துக்குவான்.”

மட்டமான மாதிரியைப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தாள். ஆதிமூலம் மறுநாள் வந்து அதில் தண்ணீர் விட்டுப் பார்த்து, திருப்தியாகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஹபீப் பாய் பட்டறைக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

அனுப்பும் முன் அவள் அந்தக் கோட்டை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம். உப்பளத்தில் வெயில் வெள்ளையாக நின்றது. பாட்டிலைப் பற்றி அவளுக்கு எப்போதும் வரும் ஒரு நினைவு இப்போதும் வந்தது. ஸ்கிரீனில் அவள் ஷெல் போட்டுக் குடைகிறாளே அந்த உள்பக்கம், அதை உண்மையில் யாரும் செய்வதில்லை. அச்சுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் உண்டு. உள்ளே ஊதுகிற காற்று பிளாஸ்டிக்கை எங்கே கொண்டுபோய் ஒட்டுகிறதோ அங்கேதான் சுவர். எங்கே கனம், எங்கே மெலிவு என்பதெல்லாம் காற்று முடிவு செய்கிறது. அவளுடைய ஷெல் வெறும் உத்தேசம், எடையும் கொள்ளளவும் கணக்குப் பார்க்க உதவும் ஒரு நம்பிக்கை. வெளியே தெரிவதை மட்டும் ஒழுங்காக வரையச் சொல்லித்தான் அவளுக்குச் சம்பளம். அந்த வெளிப்பக்கத்தையே தப்பு என்று தெரிந்து கொடுக்கப்போகிறாள்.

மட்டமாக அனுப்பினால் திரும்பி வரும். உறுதி. வளைவோடு அனுப்பினால் ஒருவேளை சரியாக வரும். ஆனால் வளைவு கூடிவிட்டால் கட்டி வீண். அப்போது திரும்பி வருவதைப் பற்றிக்கூடப் பேச்சிருக்காது. வாடிக்கையாளர் ஒத்துக்கொண்ட மாதிரி ஒன்று, அவள் அனுப்பியது வேறொன்று. அது வெறும் பிழை ஆகாது, பொய் ஆகிவிடும்.

பினாயில் பாட்டிலை எடுத்து, பட்டை இடத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, நடுவிலிருக்கும் இடைவெளியை அளந்தாள். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரை நெருங்கியது. ஆதிமூலத்தின் பட்டை அதே அகலம்தான், சுவரும் அதே கனம்தான். ஆக முழுதாக ஒரு மில்லி மேடு வைத்தால் கிட்டத்தட்ட மட்டமாகும். முதல் மாதிரியில் அவள் வைத்தது அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி ஆறும். கூடிவிட்டால் போச்சு. குறைந்தால் பிறகு செதுக்கிக்கொள்ளலாம்.

வேண்டியதைவிடக் குறைவாக வைத்தாள். மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல். எண்ணைத் தட்டியதும் நேர்கோடு வளைந்ததே தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஃபைலைப் பட்டறைக்கு அனுப்பினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தாள்.

அச்சு வந்த நாள் வெள்ளிக்கிழமை. ஹபீப் பாய் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மெஷின் சூடாகி இருந்தது. மெஷின் ஓட்டும் கண்ணாயிரம் அலுமினியப் பாதிகள் இரண்டையும் பூட்டி, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

“என்னா மலரு, பேயறைஞ்ச மாரி நிக்குற? பாட்டில்தான ஊதப்போறோம், பலூனா?” என்றார்.

“ஊதுங்கண்ணே.”

மேலிருந்து சூடான பிளாஸ்டிக் குழாய் தளர்ந்து இறங்கியது. அச்சின் இரண்டு பாதிகளும் அதை நடுவில் வைத்துச் சேர்ந்துகொண்டன. காற்று இறங்கும் சீறல். கொஞ்ச நேரம் அப்படியே. பாதிகள் பிரிந்தன. முதல் சில பாட்டில்கள் அடி பிய்ந்தும் தோள் நெளிந்தும் விழுந்தன, கண்ணாயிரம் அவற்றைத் திட்டிக்கொண்டே பக்கெட்டில் எறிந்தார். பிறகு ஒன்று முழுதாக வந்தது. அடியிலும் கழுத்திலும் ஒட்டியிருந்த பிசிறைக் கத்தியால் சீவி, கையுறைக் கையால் ஹபீப் பாயிடம் நீட்டினார்.

பாய் கர்சீப்பால் பிடித்து வாங்கினார். பட்டை இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“மேடா இருக்குது.”

மெஷினின் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மலரு, நீ மட்டமா அனுப்பலையா?”

“அனுப்பல பாய்.”

அவர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. பாட்டிலை மெஷின்மேல் நிறுத்தி வைத்தார். “ஆதிமூலம் வந்துக்கிட்டு இருக்காரு. அனுமந்தைய தாண்டிட்டேன்னு போன் பண்ணாரு. அவர்ட்ட என்னா சொல்லட்டும்? நம்ம பொண்ணு நம்மகிட்டயே பொய் சொல்லிடுச்சின்னா?”

“ஆறட்டும் பாய்.”

“ஆறலன்னா?”

கண்ணாயிரம் வேண்டுமென்றே மெஷினுக்குப் பின்பக்கம் போய் எதையோ தேடினார்.

அவர்கள் இருவரும் பாட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அது பால் வெள்ளையாக, இன்னும் அனல் அடித்துக்கொண்டு நின்றது. பார்க்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல. மலர்கொடி அதைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். இரும்புக் கட்டில் ஒன்று மனதில் வந்து நின்றது. வரட்டும் என்றிருந்தது. பயப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நேரமோ. ஹபீப் பாய் குனிந்து, கையிலிருந்த ஸ்கேலைப் பட்டை இடத்தின் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முதலில் வைத்தபோது ஸ்கேல் நடுவில் முட்டி ஊஞ்சலாடியது. கொஞ்சம் பொறுத்து வைத்தபோது ஆட்டம் குறைந்திருந்தது. மூன்றாம் முறை வைத்தபோது அசையாமல் உட்கார்ந்தது. அவர் ஸ்கேலை எடுக்கவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“இறங்குது” என்றார். குரலில் சந்தோஷம் என்று சொல்ல எதுவும் இல்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

ஆதிமூலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். “எங்க எம் பாட்டில்?” என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்து, வெதுவெதுப்பு உறைத்ததும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். சேட்டு அனுப்பிய மூடியை எடுத்துத் திருகினார். மூடி இரண்டு சுற்று இலகுவாக ஓடி, கடைசியில் இறுகி நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மலர்கொடிக்குத் தெரிந்ததுதான் நடந்தது. மெஷின்மேல் படுக்கவைத்துவிட்டு, “தண்ணி குடும்மா” என்றார்.

அவள் கொடுத்தாள்.

தண்ணீர் பட்டையின் நடுவில் விழுந்தது. பரவியது. ஓரத்துக்கு ஓடவில்லை. மெல்லிய ஒரு தகடுபோல, உள்ளங்கை அளவுக்குப் படிந்து நின்றுகொண்டது. ஒரு மயிரிழை பள்ளம் இருந்திருக்க வேண்டும். குறைவாக வைத்ததன் குறை. மலர்கொடிக்கு அது தெரிந்தது, ஹபீப் பாய்க்கும் தெரிந்தது.

“நிக்குது!” என்றார் ஆதிமூலம். “மட்டம்னா மட்டம்!”

துண்டால் தண்ணீரை ஒற்றி எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை உரித்து ஒட்டினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவினார். காகிதம் எங்கும் உப்பவில்லை. அவர் பெயர் நீல எழுத்தில் நேராகப் படிந்திருந்தது. அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அவருடைய குரல் ஒரு கணம் இறங்கிவிட்டது. “நல்லாருக்குது” என்றார் மெதுவாக. பிறகு பழைய குரலுக்குத் திரும்பி மலர்கொடியைப் பார்த்தார்.

“பாத்தியாம்மா? நான் அன்னைக்கி அடம் புடிக்கலன்னா நீ மேடாவே குடுத்திருப்ப. நாங்க படிக்கலதான், ஆனா தண்ணி படிச்சிருக்குது.”

கண்ணாயிரம் மெஷினுக்குப் பின்னாலிருந்து இருமினார். ஹபீப் பாய் அவளைப் பார்த்தார். சொல்லவா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சொன்னால் அவளுக்கு நியாயம் கிடைக்கும், ஆதிமூலத்துக்குக் கோபம் வரும், பாட்டில் எப்படி வந்திருந்தாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான் என்பார். மலர்கொடி மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம்.

“ஆமாங்கய்யா” என்றாள்.

“அடுத்து ஒரு கிலோ பாட்டில். சதுரமா போட்டுடு. நாலு பக்கமும் மட்டம். இந்தப் பொண்ணே வரையட்டும் பாய், நான் சொல்றத கேக்குது.”

அவர் போன பிறகு கண்ணாயிரம் மெஷினை நிறுத்திவிட்டு டீ சொல்லப் போனார். ஹபீப் பாய் பாட்டிலைத் திருப்பி, லேபிள் இல்லாத பின்பக்கத்தில் கட்டைவிரலை வைத்திருந்தார்.

“எவ்ளோ வெச்ச?”

சொன்னாள்.

“எப்பிடித் தெரியும் அவ்ளோதான்னு?”

“தெரியல பாய். கொறைவா இருந்தா செதுக்கிக்கலாம்னு வெச்சேன்.”

அவர் தலையாட்டினார். பாட்டிலைக் கீழே வைத்தார். “சரியா வந்ததால பேசிக்கிட்டு இருக்கோம். வரலன்னா அந்தாளு என்னையில்ல உரிச்சிருப்பாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “கோயம்புத்தூர் பேச்ச வுட்டுடறேன். ஆனா ஒண்ணு. அவர்ட்ட சொல்ல வேணாம், சரி. என்கிட்டயாவது சொல்லிட்டு செய். நானும் இந்தக் கடையில ஒரு ஆளுதான?”

“சொல்றேன் பாய்.”

அப்போது சொன்னது உண்மைதான். அடுத்த முறை சொல்வாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் அவர் மட்டமாகக் கொடு, திரும்பி வரட்டும் என்பார். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். புது ஃபைலைத் திறந்தாள். சதுரம் என்றால் சுற்றவிட உடம்பு கிடையாது, கழுத்துக்கு மட்டும்தான் ரிவால்வ். நாலு பக்கமும் தட்டை, நாலும் குழியும். நாலுக்கும் மேடு வைக்க வேண்டும், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் எப்படிப் போகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அவள் நடுவில் அச்சுக்கோட்டைப் போட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.